ஸ்லைடில் எது, கேப்ஷனில் எது? ஒரு ஓ.ஆர்.எஸ். பதிவை வைத்துப் பார்ப்போம்

குழந்தைகள் மருத்துவர் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் பதிவுகள் செய்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரு கோடையில், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைப்பது எப்படி என்று ஆறு ஸ்லைடு கொண்ட பதிவு ஒன்று போட்டேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு பொட்டலம், பக்கத்தில் அழகான எவர்சில்வர் டம்ளர், கீழே பெரிய எழுத்தில் 'பொட்டலம் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்கவும்'. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்ற விவரம் கேப்ஷனில் இருந்தது. படத்தில் எழுத்து நெருக்கமாகத் தெரிந்ததால் நான்தான் அதைக் கீழே இறக்கியிருந்தேன்.

நான்கு நாள் கழித்து என் பெரியம்மா போன் செய்தார். "ஏம்மா, பேரனுக்கு வயித்தால போகுது. வாட்ஸப்ல ஒரு படம் வந்துது. முழுப் பாக்கெட்டையும் இந்த டம்ளர்லயே கொட்டிடறதா?"

அவருக்கு வந்தது அந்த மூன்றாவது ஸ்லைடு மட்டும். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்கள். அது என்னுடைய பதிவு என்றே பெரியம்மாவுக்குத் தெரியாது. ஒரு லிட்டரில் கரைக்க வேண்டிய உப்பை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். அவர் கேட்டதால் தப்பித்தோம்.

படமும் கேப்ஷனும் ஒன்றாக வெளியாகின்றன, ஆனால் ஒன்றாகப் பயணம் செய்வதில்லை. அந்தப் பதிவைத் திரும்ப எப்படிக் கட்டினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகக் கேரசல், அதாவது பல ஸ்லைடு கொண்ட பதிவு, போடத் தொடங்குபவர்களுக்கு இந்த ஒரு பதிவே போதுமான பாடம்.

முதலில் கேன்வாவைத் திறக்காதீர்கள்

வெற்றுத்தாளில் சொல்ல நினைப்பதையெல்லாம் எழுதுங்கள், எது எங்கே என்று யோசிக்காமல். டிசைனைத் திறந்துவிட்டால் இடம் இருக்கிறதா என்பதுதான் முடிவு செய்யும். என் தவறும் அப்படி வந்ததுதான்.

என் தாளில் இருந்தவை இவை: பெரிய பொட்டலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர். 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. கொதித்து ஆறிய நீர். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் எவ்வளவு கொடுப்பது. வாந்தி எடுத்தால் என்ன செய்வது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பொட்டலம் இல்லாவிட்டால் வீட்டுச் சர்க்கரை, உப்பு. ஜிங்க் மாத்திரை. எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொட்டலத்துக்குள் என்னென்ன உப்பு இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள். 1971ஆம் ஆண்டுக் கதை. மருத்துவரின் கிளினிக் நேரமும் போன் நம்பரும்.

இதில் பாதிக்கு மேல் ஸ்லைடுக்குப் போகாது. எது போகும் என்று பிரிக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: அடுப்படியில் நிற்கும் ஒருவர் ஒரு கையில் போனும் மறு கையில் பொட்டலமுமாக இருக்கிறார், இந்த விவரம் இல்லாவிட்டால் அவர் கை தப்பாக எதையாவது செய்துவிடுமா? செய்துவிடும் என்றால் அது ஸ்லைடு. 'ஏன் அப்படி?' என்று அப்புறமாக யோசிப்பவருக்கு உதவும் விவரம் என்றால் கேப்ஷன்.

இந்தக் கேள்வியில் தண்ணீரின் அளவு உடனே ஸ்லைடுக்கு வந்துவிடும். கொதித்து ஆறிய நீர், 24 மணி நேரம், கொடுக்கும் அளவு, ஆபத்து அறிகுறிகள் எல்லாம் அப்படியே. உப்புகளின் பட்டியலும் 1971ஆம் ஆண்டுக் கதையும் கீழே போய்விடும்.

நிபந்தனையைப் பிரித்து வைக்காதீர்கள்

இரண்டாவது வேலை கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு விவரம் ஸ்லைடுக்குத் தகுதியானது என்று முடிவு செய்தால் மட்டும் போதாது. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனையும் அதே ஸ்லைடில் இருக்க வேண்டும். அடுத்த ஸ்லைடில் இருந்தால்கூடப் போதாது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் ஒன்றைத்தான் எடுப்பார், ஸ்டோரியில் பகிர்பவரும் அந்த நேரத்தில் திரையில் இருக்கும் ஒன்றைத்தான் அனுப்புவார்.

வீட்டுக் கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இதில் மூன்று எண்கள் இருக்கின்றன, ஆனால் மிக முக்கியமானது 'தலைதட்டிய' என்ற சொல். நம் வீடுகளில் சர்க்கரையைக் கோபுரமாக அள்ளித்தான் பழக்கம். உப்பு அதிகமானால் சோடியம் ஏறும், சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். அந்தச் சொல்லை முதலில் அடிக்குறிப்பாக, நட்சத்திரக் குறி போட்டுச் சின்ன எழுத்தில் வைத்திருந்தேன். இப்போது அதற்கு ஒரு புகைப்படமே இருக்கிறது: டீஸ்பூனின் மேல் கத்தியின் பின்பக்கத்தை வைத்துச் சர்க்கரையை வழிக்கும் கை. டீஸ்பூன் என்றால் 5 மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டி என்பதும் அந்தப் படத்திலேயே எழுதியிருக்கிறது, ஏனென்றால் 'கரண்டி' என்று மட்டும் போட்டால் சாம்பார்க் கரண்டி வரைக்கும் போவார்கள்.

அதே ஸ்லைடின் தலைப்பு 'பொட்டலம் கிடைக்காதபோது மட்டும்' என்று மாறியது. முன்பு 'வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ்.' என்று இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சர்க்கரை உப்புக் கரைசலில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது, அது பொட்டலத்துக்கு மாற்று ஆகாது. அந்தப் பழைய தலைப்போடு படம் தனியாகச் சுற்றினால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொட்டலத்தை வாங்கப் போகாமல் இதையே செய்துகொண்டிருப்பார்கள்.

பொட்டலத்துக்கான ஸ்லைடிலும் இதே கதைதான். பெரியது, 1 லிட்டர். சின்னது, 200 மில்லி. இரண்டும் அருகருகே ஒரே படத்தில். கீழே ஒரு வரி: 'உங்கள் பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் அளவு'. டம்ளர் படத்தை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். எழுத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் நிறையப் பேர். டம்ளர் படம் இருந்தால் டம்ளரில்தான் கரைப்பார்கள்.

மாறக்கூடியது எதுவும் படத்தில் வேண்டாம்

கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். வெளியான ஸ்லைடின் படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு படம் வைக்க முடியாது. வேண்டுமானால் கேரசலிலிருந்து ஒரு ஸ்லைடை நீக்கலாம், அவ்வளவுதான். அதனால் கிளினிக் நேரம், விடுமுறை, போன் நம்பர், பொட்டலத்தின் விலை இவையெல்லாம் கேப்ஷனுக்கு.

திருத்த முடிந்தாலும் முடியாவிட்டாலும், இன்னொரு காரணம் இருக்கிறது. வாட்ஸப்பில் சுற்றும் படத்துக்கு வயது கிடையாது. இந்த வருடக் கிளினிக் நேரம் போட்ட படம் மூன்று வருடம் கழித்து யாருக்கோ வரும், அவர் பூட்டிய கதவின் முன்னால் குழந்தையோடு நிற்பார். மருத்துவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். தன் நம்பர் எல்லா ஸ்லைடிலும் இருக்க வேண்டும் என்று விரும்பினார். கிளினிக் பெயர் மட்டும் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் சின்னதாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

விதிவிலக்கு 108. அது மாறாத நம்பர், அவசரத்துக்கானது. ஆபத்து அறிகுறிகள் இருக்கும் அதே ஸ்லைடில் பெரிதாகப் போட்டிருக்கிறது. அந்த ஸ்லைடில் என்ன இருக்கிறது என்றால்: குழந்தை எதையும் குடிக்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம், கண் குழி விழுந்திருக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகப் படிகிறதா என்று பார்க்கும் சோதனையும் தாளில் இருந்தது. அதை எடுத்துவிட்டோம். எங்கே கிள்ளுவது, எத்தனை நொடி என்பதெல்லாம் பயிற்சி வேண்டிய விஷயம், பதறியிருக்கும் அம்மா அதைச் செய்து 'நல்லாத்தான் இருக்கு' என்று வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது.

அதாவது, ஸ்லைடு, கேப்ஷன் தவிர மூன்றாவதாக ஒரு கூடை உண்டு: இரண்டிலும் வேண்டாம். ஜிங்க் மாத்திரையின் அளவும் அந்தக் கூடைக்குத்தான் போனது. வயதுக்கு ஏற்ப மில்லிகிராம் மாறும், அதை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். ஸ்லைடில் 'ஜிங்க் மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். பேதி நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள்' என்று மட்டும் இருக்கிறது. முதல் நாலு நாளிலேயே நிறுத்திவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு, அளவு தெரியாதது அல்ல.

பிடித்ததைக் கீழே இறக்குவது

எனக்கு மிகவும் பிடித்த ஸ்லைடு ஒன்று இருந்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்கான் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்க வைத்தார், நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். முகாமில் சாவு பெருமளவு குறைந்தது. அவர் 2022இல் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதை இரண்டாவது ஸ்லைடாக வைத்திருந்தேன். நல்ல கதை, கறுப்பு வெள்ளைப் பின்னணி, எல்லாம் இருந்தது. ஆனால் குழந்தைக்குப் பேதியாகும்போது இந்தப் பதிவைத் திறப்பவர், கரைக்கும் முறைக்குப் போகுமுன் ஒரு வரலாற்றுப் பக்கத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பலர் தாண்டுவதில்லை, அங்கேயே விட்டுவிடுவார்கள். கேப்ஷனில் மூன்று வரியாகச் சுருக்கினேன். நிதானமாகப் படிப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பொட்டலத்தின் உள்ளடக்கமும் கேப்ஷனில்தான்: ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். இது கரைப்பவருக்குத் தேவையில்லை. ஆனால் மருந்துக்கடையில் நின்று அட்டையின் பின்பக்கத்தைப் பார்ப்பவருக்கு வேண்டும். இனிப்புப் பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இந்தச் சட்ட விஷயத்தையும் கேப்ஷனில் வைத்தேன். ஸ்லைடில் வந்தது அதன் சாரம் மட்டும்: 'அட்டை டப்பாவில் வரும் பழச்சுவைப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. பொடியாக, உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியதைக் கேளுங்கள்'.

தமிழில் எவ்வளவு பிடிக்கும்

இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு உச்சவரம்பு 2,200 எழுத்துகள். தாராளமாகத் தெரியும், ஆனால் கணக்கு நம் எழுத்துக் கணக்கு இல்லை. 'தண்ணீர்' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு: த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. என் அனுபவத்தில் 2,200க்குள் இருநூற்றுச் சொச்சம் தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். 'மிச்சத்தையெல்லாம் கேப்ஷனில் போட்டுவிடலாம்' என்று நினைப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

அதிலும் மடித்து வைத்த நிலையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், சுமார் 125 குறிகள். மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். பழைய பதிவில் என் முதல் வரி 'கோடை வந்துவிட்டது! குழந்தைகளின் நலன் காப்போம்' என்று இருந்தது. அந்த இடத்தை அப்படி வீணாக்கியது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. புது முதல் வரி:

'பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர், சின்னதுக்கு 200 மி.லி.'

இது 73 குறிகள்தான். ஸ்லைடில் இருப்பதைத் திரும்பச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். தவறினால் ஆபத்து என்று இருக்கும் ஒரே ஒரு விவரம் இரண்டு இடத்திலும் வரலாம். பார்வையற்றவர்களின் போன், படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்கும் என்று நம்ப முடியாது, கேப்ஷனை வாசிக்கும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் படத்தை விவரிக்கும் மாற்று உரை எழுதும் வசதியும் இருக்கிறது, பதிவிடும் முன் கூடுதல் அமைப்புகளில் பாருங்கள். மற்ற எதையும் இரண்டு முறை எழுதாதீர்கள், இருநூறு சொல்லில் அதற்கு இடமில்லை.

கேப்ஷனில் போடும் இணைய முகவரியைத் தட்டினால் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 'முழு விவரம் இந்த லிங்கில்' என்று ஒரு நீள முகவரியை ஒட்டினால் இடம்தான் போகும்.

ஸ்லைடுக்கு வருவோம். நான் 1080க்கு 1350 பிக்சலில் செய்கிறேன். தமிழ் எழுத்து மேலும் கீழும் நீளும், 'கூ', 'றீ' எல்லாம் வந்தால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். அதனால் ஒரு ஸ்லைடில் இருபது, இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போனால் எழுத்தைச் சுருக்க ஆரம்பிப்பீர்கள். கணினித் திரையில் பெரிதாகப் பார்த்து ஏமாறாதீர்கள், படத்தைப் போனுக்கு அனுப்பி, கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் திரையை விரலால் பெரிதாக்கினால் சொல் அதிகம். அப்போது எழுத்தைச் சுருக்காமல் ஸ்லைடை இரண்டாக்குங்கள். இருபது ஸ்லைடு வரை இடம் இருக்கிறது, எனக்கு ஏழே போதுமாக இருந்தது. ஆனால் பிரிக்கும்போது நிபந்தனை ஒரு பக்கமும் அளவு ஒரு பக்கமுமாகப் போகக்கூடாது என்று மேலே சொன்னதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வந்த வடிவம்

முதல் ஸ்லைடு: 'குழந்தைக்குப் பேதியா? ஓ.ஆர்.எஸ். இப்படிக் கரையுங்கள்'. இரண்டாவது: இரண்டு பொட்டலம், இரண்டு தண்ணீர் அளவு. மூன்றாவது: கொதித்து ஆறிய நீர், முழுப் பொட்டலம், 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடவும், தண்ணீர் அளவு இங்கேயும் ஒரு முறை, ஏனென்றால் 'முழுப் பொட்டலம்' என்ற சொல் தனியாக நிற்கக்கூடாது என்று பெரியம்மா கற்றுக்கொடுத்திருந்தார். நான்காவது: ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாக, தாய்ப்பாலும் சாப்பாடும் தொடரட்டும். ஐந்தாவது: பொட்டலம் கிடைக்காதபோது மட்டும். ஆறாவது: ஜிங்க், அத்துடன் பழச்சுவைப் பானம் வேண்டாம் என்ற எச்சரிக்கை. ஏழாவது: ஆபத்து அறிகுறிகள், 108.

நான்காவதில் சொல் கொஞ்சம் அதிகம்தான். பிரிக்கலாம் என்று பார்த்தேன். 'எவ்வளவு கொடுப்பது' ஒரு படமாகவும் 'வாந்தி எடுத்தால்' வேறு படமாகவும் போனால், வாந்தி எடுத்ததும் ஓ.ஆர்.எஸ்.ஸையே நிறுத்திவிடுவார்கள் என்று மருத்துவர் சொன்னார். சரி, நெருக்கமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏழு ஸ்லைடையும் வரிசை கலைத்து, ஒவ்வொன்றாக, ஒரு சொல்லும் எழுதாமல், இந்த விஷயம் தெரியாத ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். 'இதைப் பார்த்தால் என்ன செய்வீங்க?' என்று மட்டும் கேளுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அவர் சொல்லும் செயல் தப்பாக இருந்தால் அந்த ஸ்லைடில் ஏதோ குறைகிறது, அது பெரும்பாலும் உங்கள் கேப்ஷனில் உட்கார்ந்திருக்கும். உடனே மேலே ஏற்றுங்கள். அவர் திருப்பிக் கேள்வி கேட்டால், கேள்வியின் வகையைப் பாருங்கள். 'எவ்வளவு', 'எப்போ', 'எதுல' என்று கேட்டால் ஸ்லைடின் குறை. 'ஏன்', 'யார் சொன்னது', 'எங்க கிடைக்கும்' என்று கேட்டால் கேப்ஷனில் பதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நான் அனுப்பியது பெரியம்மாவுக்குத்தான். ஐந்தாவது ஸ்லைடுக்கு ஒரு நிமிடத்தில் போன் வந்தது. "கத்தியால வழிக்கணுமா, விரலால வழிச்சா ஆகாதா?" கை கழுவியிருந்தால் ஆகும் என்றேன். போனை வைத்த பிறகு மூன்றாவது ஸ்லைடைத் திறந்து, 'கொதித்து ஆறிய நீர்' என்பதற்கு மேலே 'முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்' என்று சேர்த்தேன். தாளில் எழுதும்போது யாருக்கும் தோன்றவில்லை.